தட்டைப் பாதத்துக்குச் செருப்பும் ஷூவும் வாங்குவது எப்படி: ஆர்ச் சப்போர்ட் எதைச் செய்யும், எதைச் செய்யாது

திருப்பூரில் செருப்புக் கடையில் நிற்கிறவன் நான். வாரத்துக்கு நாலு பேராவது வந்து ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "ஏனுங்க, காலுக்கு வளைவு வர்ற மாதிரி ஷூ இருக்குதுங்களா?" அப்படி ஒரு ஷூ இல்லை. ஆனால் கேட்கிறவருக்குக் கால் வலிக்கிறது என்பது நிஜம், அந்த வலிக்குச் செய்ய முடிந்ததும் நிறைய இருக்கிறது. வளைவு வருவது வேறு, வலி குறைவது வேறு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் போய்த்தான் பலரும் கையில் கிடைத்த இன்சோலை வாங்கி, பத்து நாளில் தூக்கிப் போடுகிறார்கள்.

என் பெரியம்மா மகள் கதையை வைத்தே சொல்கிறேன். அக்காவுக்கு 43 வயது, பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, வாரத்தில் பாதி நாள் ஒன்றரை ஷிப்ட். காலை எட்டரைக்கு டேபிள் முன்னால் நின்றால் சாப்பாட்டு நேரம் போக ராத்திரி எட்டு வரைக்கும் சிமெண்ட் தரையில் நிற்பதுதான். சின்ன வயதிலிருந்தே தட்டைப் பாதம். பல வருடம் ஒரு தொந்தரவும் இல்லை. போன வருடம் தை மாதம் தொடங்கி, பதினொரு மணி ஆனால் உள்ளங்காலின் உள்பக்கமும் கணுக்காலுக்குக் கீழேயும் கடுக்க ஆரம்பித்துவிட்டது. கம்பெனிக்குப் போட்டுப் போனது மெத்தென்று இருக்கும் ஒரு ரப்பர் செருப்பு.

முதலில் உங்கள் பாதம் எந்த வகை என்று பாருங்கள்

ஈரக்காலைச் சிமெண்ட் தரையில் வைத்து எடுத்துத் தடம் பார்ப்பது எல்லோருக்கும் தெரியும். நடுவில் இடைவெளியே இல்லாமல் முழுப் பாதமும் பதிந்தால் தட்டைப் பாதம், சரி. ஆனால் செருப்பு வாங்க அது மட்டும் போதாது. அடுத்து சுவரைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் எழுந்து நில்லுங்கள். பின்னாலிருந்து ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள், அல்லது போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். எழும்போது உள்வளைவு தலைகாட்டி, குதிகாலும் உள்பக்கமாகத் திரும்பினால் அது வளைந்து கொடுக்கும் தட்டைப் பாதம். உட்கார்ந்து காலைத் தொங்கப் போட்டாலும் அந்த வளைவு தெரியும், எடை ஏறும்போதுதான் மறைகிறது. தட்டைப் பாதக்காரர்களில் பெரும்பாலோர் இந்த வகைதான். வலி இல்லையென்றால் இவர்களுக்குத் தனியாக எந்தச் சப்போர்ட்டும் தேவையில்லை, காலுக்குப் பொருந்துகிற நல்ல செருப்பு போதும்.

நுனிக்காலில் நின்றாலும் வளைவு வரவில்லை, பாதத்தைக் கையால் இருபுறமும் திருப்பிப் பார்த்தாலும் அசையவில்லை என்றால் அது விறைப்பான தட்டைப் பாதம். பாதத்தின் எலும்புகள் இரண்டு பிறவியிலேயே ஒட்டியிருப்பதோ, மூட்டுத் தேய்மானமோ காரணமாக இருக்கலாம். இந்தக் காலுக்கு அடியில் உயரமான ஆர்ச் வைத்தால் தூக்குவதற்கு இடமே கிடையாது, வைத்த மேடு எலும்பில் குத்தும். இவர்களுக்கு வேண்டியது பாதத்தின் இப்போதைய வடிவத்தை அப்படியே ஏந்திக்கொள்ளும் மெத்து மட்டும். அதையும் எலும்பு மூட்டு மருத்துவரைப் பார்த்த பிறகு வாங்குங்கள்.

மூன்றாவது ஒரு சோதனை உண்டு, நாற்பது தாண்டியவர்கள் கட்டாயம் செய்ய வேண்டியது. ஒற்றைக் காலில் நின்று, அந்தக் குதிகாலை மட்டும் தூக்குங்கள், ஐந்தாறு தடவை. கெண்டைக்காலிலிருந்து கிளம்பி உள் கணுக்காலின் பின்புறமாக வளைந்து பாதத்தின் உள்பக்கத்தில் போய்ப் பிடிக்கும் ஒரு தசைநாண் இருக்கிறது. வளைவைத் தூக்கிப் பிடிக்கும் முக்கியமான கயிறு அதுதான். அது நைந்துகொண்டு வந்தால் ஒற்றைக் குதிகாலைத் தூக்க முடியாது, தூக்கினாலும் உள் கணுக்காலுக்குப் பின்னால் சுரீரென்று வலிக்கும், அந்த இடத்தில் வீக்கமும் தெரியும். இன்னொரு அடையாளம்: முன்பு வளைவாக இருந்த ஒரு கால் மட்டும் இப்போது தட்டையாகிக்கொண்டு வரும், பின்னாலிருந்து பார்த்தால் அந்தக் காலில் வெளிப்பக்கம் விரல்கள் கூடுதலாக எட்டிப் பார்க்கும். இப்படி இருந்தால் கடைக்கு வராதீர்கள், நேரே மருத்துவரிடம் போங்கள். ஆரம்பத்தில் பிடித்தால் பட்டையும் சப்போர்ட்டும் பயிற்சியுமாகச் சமாளிக்கலாம். விட்டுவிட்டால் வளைந்து கொடுத்த பாதமே விறைத்துப் போகும்.

அக்காவை என் கடையிலேயே ஸ்டூலைப் பிடித்து நிற்கச் சொன்னேன். இரண்டு காலிலும் எழுந்தபோது வளைவு நன்றாக வந்தது. ஒற்றைக் காலில் வலது ஆறு தடவை, இடது ஐந்து தடவை, வலி இல்லை, வீக்கமும் இல்லை. இதைப் பார்த்த பிறகுதான் செருப்பைப் பற்றியே பேச ஆரம்பித்தோம்.

நின்றபடி அளவு எடுங்கள்

தட்டைப் பாதக்காரர்கள் தவறு செய்கிற முதல் இடம் இதுதான். எடை ஏறியதும் வளைவு அமுங்குகிறது, அப்போது பாதம் நீளவும் செய்கிறது, அகலவும் செய்கிறது. உட்கார்ந்து போட்டுப் பார்க்கும்போது சரியாக இருக்கும் செருப்பு, நின்றால் இறுக்கும். அக்காவுக்கு உட்கார்ந்து எடுத்தால் நீளம் 23.4 செ.மீ., நின்றால் 24.1. அகலம் 9-லிருந்து 9.6. இத்தனை வருடமும் அவர் 5 நம்பர் போட்டுக்கொண்டிருந்தார், அவருக்கு வேண்டியது 6. நம்ம ஊர்க் கடைகளில் இருக்கும் நம்பரில் ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் வித்தியாசம் சுமார் 8.5 மி.மீ. தான், ஆனால் நாள் பூராவும் நிற்கிறவருக்கு அது பெரிய தூரம்.

வீட்டிலேயே அளக்கலாம். சாயங்காலம், வேலை முடிந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில், வெள்ளைத் தாளைச் சுவரோடு ஒட்டித் தரையில் போட்டு, குதிகால் சுவரில் படும்படி முழு எடையோடு நின்று, இன்னொருவரை விட்டுப் பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துக் கோடு போடச் சொல்லுங்கள். இரண்டு காலையும் அளந்து பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள். ஷூவுக்குள் நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம், அதாவது ஒரு செ.மீ. போல, இடம் இருக்க வேண்டும். அகலத்தைச் சரிபார்க்க ஒரு நல்ல வழி: ஷூவுக்குள் இருக்கும் இன்சோலை வெளியே எடுத்துத் தரையில் போட்டு அதன் மேல் நில்லுங்கள். பாதம் ஓரத்தைத் தாண்டி வழிந்தால் அந்த ஷூ வேண்டாம், எவ்வளவு அழகாக இருந்தாலும். இன்சோலை எடுக்கவே முடியாதபடி ஒட்டியிருந்தால் அதுவும் ஒரு குறைதான், ஏனென்று பின்னால் சொல்கிறேன்.

கையால் நாலு சோதனை

அட்டைப் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்பதை விட உங்கள் கை சொல்வதை நம்புங்கள். முதலில் ஷூவின் பின்பக்கச் சுவரைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் இருபுறமும் அமுக்குங்கள். துணி மாதிரி மடங்கினால் அது உங்கள் குதிகாலைப் பிடிக்காது. தட்டைப் பாதத்தில் குதிகால் எலும்பு வெளிப்பக்கம் சாய்ந்து, கணுக்கால் உள்ளே சரிகிறது. அந்தச் சாய்வைத் தடுப்பது முதலில் இந்தச் சுவர்தான், வளைவு மேடு அதற்கு அடுத்துதான். என் அனுபவத்தில் நல்ல குதிகால் பிடிப்பு உள்ள சாதாரண ஷூ, பிடிப்பில்லாத ஷூவுக்குள் போட்ட விலை உயர்ந்த இன்சோலை விட நன்றாக வேலை செய்கிறது.

அடுத்து ஒரு கையில் குதிகால் பக்கம், மறு கையில் முன்பக்கம் பிடித்து ஈரத் துணியைப் பிழிவது போல முறுக்குங்கள். கொஞ்சம் திரும்பலாம், முழுசாகத் திரும்பக் கூடாது. பிறகு இரண்டு முனையையும் பிடித்து மடக்குங்கள். விரல்கள் தொடங்கும் இடத்தில் மடங்கினால் சரி, நட்டநடுவில் மடங்கினால் உங்கள் வளைவு எங்கே அமுங்குகிறதோ அங்கேயே ஷூவும் கைவிடுகிறது என்று அர்த்தம். கடைசியாகத் தரையில் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள், புது ஷூவே ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் அந்த ஜோடியை எடுக்காதீர்கள். கயிறு அல்லது ஒட்டுப்பட்டை இருப்பது நல்லது, காலை நுழைத்துக்கொண்டு போகும் வகையில் குதிகால் ஆடும்.

மெத்தென்று இருப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. கடையில் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து "பஞ்சு மாதிரி இருக்குது" என்று சந்தோஷப்பட்டு வாங்குகிறவர்கள்தான் அதிகம். ரொம்ப மெத்தான அடியில் எடை ஏறினால் அது எந்தப் பக்கம் அதிகம் அமுங்குமோ அந்தப் பக்கம் பாதமும் சரியும், தட்டைப் பாதத்துக்கு அது உள்பக்கம். அக்காவின் பழைய ரப்பர் செருப்பைத் திருப்பிப் பார்த்தேன். சாதாரணமாகக் குதிகாலின் வெளி ஓரம் கொஞ்சம் தேயும், இது உள் ஓரத்தில் பாதிக்குப் பாதி சப்பையாகி, வளைவு இருக்க வேண்டிய இடத்தில் பாதத்தின் அச்சு குழியாகவே விழுந்திருந்தது. சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுக்கும் எம்.சி.ஆர். செருப்பையும் தட்டைப் பாதத்துக்குக் கேட்டு வருகிறார்கள். அதன் வேலை அழுத்தத்தைப் பரப்பிப் புண் வராமல் காப்பது. வளைவைத் தாங்குவதற்காக அது செய்யப்படவில்லை.

தட்டைப் பாதத்துக்கென்றே தனி ஷூ என்று விற்கிறார்களே, அது கட்டாயமா? 2009, 2010 வாக்கில் வெளிவந்த ஆய்வுகளில், அமெரிக்க ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களைப் பிரித்து, ஒரு பகுதிக்குப் பாத வடிவத்தைப் பார்த்து ஷூ கொடுத்தார்கள், மறு பகுதிக்கு ஒரே வகை ஷூ கொடுத்தார்கள். காயங்களில் சொல்லும்படியான வித்தியாசம் வரவில்லை. எனவே பெட்டியில் இருக்கும் பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். மேலே சொன்ன சோதனையில் தேறிய மூன்று ஜோடியைப் போட்டுக் கடைக்குள் பத்து நிமிடம் நடந்து, காலுக்கு எது சுகமாக இருக்கிறதோ அதை எடுங்கள்.

ஆர்ச் சப்போர்ட் என்ன செய்யும், என்ன செய்யாது

அது ஒரு முட்டுக்கொடுத்தல். பந்தல் சாய்ந்தால் அடியில் ஒரு கம்பை ஊன்றுவோமே, அப்படி. போட்டிருக்கும் நேரத்தில் பாதம் உள்ளே சரிவதைக் கொஞ்சம் குறைக்கும், உள்ளங்காலின் சவ்வும் அந்தத் தசைநாணும் தாங்கும் சுமையில் ஒரு பகுதியை வாங்கிக்கொள்ளும், அழுத்தத்தைப் பாதம் முழுக்கப் பரப்பும். வலி குறைவது இதனால்தான். கழற்றிவிட்டு ஈரக்காலை வைத்தால் தடம் பழைய தடம்தான். எலும்பின் அமைப்பை அது மாற்றாது, தளர்ந்த தசைநார்களை இறுக்காது. ராணுவம், போலீஸ் தேர்வுக்குப் போகும் பையன்கள் ஆறு மாதம் இன்சோல் போட்டால் பாதம் வளைந்துவிடும் என்று நம்பி வருகிறார்கள். தம்பி, உன் பணத்தை வீணாக்காதே என்றுதான் சொல்லி அனுப்புகிறேன்.

குழந்தைகள் விஷயத்தில் பெற்றோர் படும் கவலை இன்னும் அதிகம், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சின்னக் குழந்தைகளுக்கு உள்ளங்காலில் கொழுப்பு மெத்தை இருக்கும், தசைநார்களும் நெகிழ்ந்திருக்கும், பெரும்பாலானோருக்குப் பாதம் தட்டையாகத்தான் தெரியும், பத்து வயதுக்குள் பெரும்பாலும் வளைவு தானாகவே வரும். தட்டைப் பாதமுள்ள குழந்தைகளுக்கு மூன்று வருடம் விசேஷ ஷூவும் இன்சோலும் போட வைத்து, போடாத குழந்தைகளோடு ஒப்பிட்டு அமெரிக்காவில் செய்த ஆய்வு 1989-ல் வெளிவந்தது. இரண்டு பக்கமும் வளைவு ஒரே மாதிரிதான் வளர்ந்தது. நம்ம தென்னிந்தியாவிலேயே, கர்நாடகக் கடலோரத்தில் 2300 குழந்தைகளைப் பார்த்து 1992-ல் வெளியிட்ட ஆய்வில், செருப்புப் போடும் பிள்ளைகளில் 8.6 சதவீதத்துக்குத் தட்டைப் பாதம், வெறுங்காலோடு திரிந்த பிள்ளைகளில் 2.8 சதவீதம் மட்டும். மூடிய ஷூ போட்டவர்களிடம்தான் அதிகம். அதற்காகத் தோட்டத்தில் முள்ளிலும் கண்ணாடியிலும் விட வேண்டும் என்று சொல்லவில்லை. வீட்டு வாசலிலும் மணலிலும் வெறுங்காலோடு ஓடுகிற பிள்ளையைப் பிடித்து ஷூவுக்குள் அடைக்காதீர்கள், வலி இல்லாத பிள்ளைக்கு ஆர்ச் சப்போர்ட் வாங்காதீர்கள். வலித்தால், நொண்டினால், பாதம் விறைப்பாக இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இன்சோல் வாங்கும்போது

ஷூவோடு வந்த இன்சோலை எடுத்துவிட்டுத்தான் இதைப் போட வேண்டும். ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டால் குதிகால் மேலே ஏறி, பின்சுவரின் பிடியிலிருந்து நழுவும். எடுக்க முடியாதபடி ஒட்டிய ஷூ வேண்டாம் என்றது இதற்காகத்தான்.

அமுக்கிப் பாருங்கள். வளைவு மேட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் அடிவரை போய்விட்டால் அது உங்கள் எடைக்கு நிற்காது. கல் மாதிரி இருந்தாலும் ஆரம்பத்திலேயே தாங்க மாட்டீர்கள். கொஞ்சம் அமுங்கி நிற்பதுதான் வேண்டும். குதிகால் உட்காரும் இடம் கிண்ணம் போல் குழிவாக இருக்க வேண்டும். அப்புறம் மேட்டின் உச்சி எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள், அது குதிகாலுக்குச் சற்று முன்னால், பாதத்தின் நடுப்பகுதியில் வர வேண்டும். கட்டைவிரல் எலும்பின் அடிவரை தள்ளி வந்தால் நம்பர் தப்பு. உயரம் அதிகமானால் உடனே தெரியும், உள்ளங்காலில் ஒரு உருண்டையை வைத்தது போலக் குத்தும், நடக்கும்போது கால் வெளிப்பக்கம் சாயும். 'பழகினால் சரியாகிவிடும்' என்று யார் சொன்னாலும் அதை வாங்காதீர்கள்.

காலை அச்செடுத்துச் செய்யும் இன்சோல் இதை விடப் பல மடங்கு விலை. வளைந்து கொடுக்கும் சாதாரணத் தட்டைப் பாதத்துக்கு முதலில் ரெடிமேடைப் போட்டுப் பார்ப்பதே போதும், பலருக்கும் வலி அதிலேயே குறைகிறது. பாதம் ரொம்பக் கோணலாக இருந்தாலோ, தசைநாண் பிரச்சினை இருந்தாலோ அச்செடுப்பதில் அர்த்தம் உண்டு.

சர்க்கரை இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் கெட்டியான மேடு குத்துவதே தெரியாது, புண்ணாகித்தான் தெரியும். மருத்துவரிடம் உணர்ச்சிச் சோதனை செய்யாமல் நீங்களாக எந்த ஆர்ச் சப்போர்ட்டும் போடாதீர்கள்.

அக்காவுக்கு வேறொரு சிக்கல் இருந்தது. அவர் கம்பெனியில் துணி அழுக்காகும் என்று செருப்பை வாசலிலேயே கழற்றச் சொல்லியிருந்தார்கள். வழியில் இருபது நிமிடத்துக்கு நல்ல ஷூ போட்டு, பத்து மணி நேரம் வெறுங்காலோடு சிமெண்டில் நின்றால் என்ன பயன்? சூப்பர்வைசரிடம் பேசி, வெளியே போடாத தனி ஜோடி ஒன்றை உள்ளேயே வைத்துக்கொள்ள அனுமதி வாங்கினார். கேட்டதும் கொடுத்தார்கள், இத்தனை நாள் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். சேலைக்கு ஷூ வேண்டாம் என்றதால் பின்பட்டையும் முன்னால் இரண்டு ஒட்டுப்பட்டையும் உள்ள சாண்டல், 6 நம்பர், அடித்தளத்திலேயே குதிகால் குழிவும் மிதமான வளைவும் உள்ளது எடுத்தோம். நின்று வேலை செய்யும் பெண்களுக்கு இதுதான் நடைமுறைக்கு ஒத்து வருகிறது.

பழக்குவது

முதல் நாளே ஷிப்ட் முழுக்கப் போடக் கூடாது. முதல் நாள் ஒரு மணி நேரம், பிறகு தினமும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொண்டே போனால் பத்துப் பன்னிரண்டு நாளில் முழு நேரத்துக்கு வந்துவிடும். இந்த நாட்களில் கெண்டைக்காலில் லேசான அசதி வருவது சகஜம். ஆனால் முழங்காலிலோ இடுப்பிலோ புதிதாக வலி வந்தால், உள்ளங்காலில் சிவந்த தடம் அரைமணி நேரத்துக்கு மேல் போகாமல் நின்றால், அந்தச் சப்போர்ட் உங்களுக்கு ஆகாது.

கெண்டைத்தசை இறுகியிருந்தால் எந்தச் சப்போர்ட்டும் பாதி வேலைதான் செய்யும். பின்னங்கால் நாண் குதிகாலை மேலே இழுக்க, பாதம் நடுவில் உடைந்து கொடுக்கிறது, கீழிருந்து மேடும் தள்ளினால் இரண்டுக்கும் நடுவில் பாதம் நசுங்கும். சுவரில் கையை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் வைத்து முழங்காலை மடக்காமல், குதிகாலைத் தரையில் பதித்து, முப்பது விநாடி நில்லுங்கள். ஒரு காலுக்கு மூன்று தடவை, காலையும் மாலையும். அக்கா டீ பிரேக்கில் செக்கிங் டேபிளைப் பிடித்துக்கொண்டே செய்கிறார், கூட வேலை செய்கிறவர்களும் இப்போது செய்கிறார்களாம்.

மூன்றாவது வாரம் போன் பண்ணினார். "தம்பி, பதினொரு மணிக்கு வர்ற கடுப்பு இப்ப சாயங்காலம் அஞ்சுக்குத்தான்டா வருது." ஒன்றரை ஷிப்ட் நாட்களில் இன்னும் கடைசி இரண்டு மணி நேரம் சிரமம்தான், அதற்கு டேபிள் அடியில் ஒரு தடித்த ரப்பர் விரிப்பும், மணிக்கு ஒரு தடவை ஐந்து நிமிடம் உட்காருவதும் சேர்ந்தபோது இன்னும் குறைந்தது. ஒன்றரை மாதம் இப்படியெல்லாம் செய்தும் வலி கொஞ்சமும் மாறவில்லை என்றால் செருப்பை மாற்றிக்கொண்டே இருக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

அப்புறம் எப்போது மாற்றுவது? நாள் கணக்கை விடக் கையே போதும். மாதம் ஒரு தடவை வளைவு மேட்டை அழுத்திப் பாருங்கள், வாங்கியபோது இருந்த எதிர்ப்பு போய் விரல் அடிவரை போனால் அதன் வேலை முடிந்தது. செருப்பை மேஜை மேல் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள், உள்பக்கம் சாய்ந்து நின்றால் மேல்பகுதி எவ்வளவு புதிதாக இருந்தாலும் எடுத்து வையுங்கள். அக்காவின் சாண்டல் பத்தாவது மாதத்தில் அப்படிச் சாய்ந்தது, இடது கால் மட்டும்.